பேட்டியின் எழுத்துப்படியிலிருந்து கருப்பொருளுக்கு: முதுநிலைச் செவிலியர் ஆய்வில் கருப்பொருள் பகுப்பாய்வு செய்யும் முறை

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்குப் பேட்டிகளை எடுத்து முடித்த மாணவர்கள் பெரும்பாலும் திணறும் இடம் அதற்கு அடுத்தது. கையில் பத்து ஒலிப்பதிவுகள் இருக்கும். அவற்றிலிருந்து ‘முடிவுகள்’ என்ற அத்தியாயத்துக்கு எப்படிப் போவது என்பது தெரியாது. அந்த வழியை ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள், தண்ணீரை அளந்து குடிக்கும் கட்டுப்பாட்டோடு வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்பதே ஆய்வுக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரிடம் தமிழில் பேட்டி எடுத்திருக்கிறோம். கீழே வரும் பேட்டி வரிகள் எந்தத் தனி மனிதருடையவும் அல்ல. டயாலிசிஸ் பிரிவில் வழக்கமாகக் காதில் விழும் பேச்சை ஒட்டி விளக்கத்துக்காக நான் எழுதியவை.

இங்கே சொல்லும் முறை வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் ஆகிய இருவரும் 2006-இல் ஆறு கட்டங்களாக வகுத்தது. பின்னர் அவர்களே இதற்கு ‘ரிஃப்ளெக்ஸிவ் தீமாட்டிக் அனாலிசிஸ்’ என்று பெயரிட்டு, ஆய்வாளரின் சிந்தனையும் நிலைப்பாடும் பகுப்பாய்வின் பகுதியே என்பதை அழுத்தமாகச் சொன்னார்கள். ஆய்வேட்டில் பலர் 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு, செய்வது வேறொன்றாக இருக்கும். எந்த வகையைப் பின்பற்றுகிறோம் என்பதை முதலிலேயே ஒரு பத்தியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதன் விளைவு பின்னால் தெரியும்.

முதல் கட்டம்: எழுத்துப்படியும் பழக்கமும்

ஒரு மணி நேர ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதி முடிக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். நாற்பது நிமிடப் பேட்டிகள் பத்து என்றால் எழுத்துப்படிக்கு மட்டும் நாற்பது மணி நேரம் ஒதுக்க வேண்டும். காசு கொடுத்து வெளியே எழுதி வாங்கலாம். ஆனால் முதல் மூன்று பேட்டிகளையாவது ஆய்வாளர் தானே எழுதுவது நல்லது. பங்கேற்பாளர் எந்த இடத்தில் தயங்கினார், எந்த இடத்தில் சிரித்து மழுப்பினார் என்பதெல்லாம் எழுதும் காதுக்குத்தான் பிடிபடும். தயக்கத்தைப் புள்ளிகளாலும், அழுகை, சிரிப்பு, நீண்ட மௌனம் ஆகியவற்றை அடைப்புக்குறிக்குள்ளும் குறிக்க வேண்டும். பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழாக்கக் கூடாது. பெயர், ஊர், மருத்துவமனை, கட்டில் எண் அனைத்தையும் நீக்கி ப1, ப2 என்று எண்ணிட்டு, வரி எண்ணும் சேர்த்துவிட வேண்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறு கோப்பில், கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும்.

தமிழ்ப் பேட்டியை உடனே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அந்த ஆங்கிலத்தின் மேல் பகுப்பாய்வு செய்யும் வழக்கம் நம் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. ஆய்வேடு ஆங்கிலத்தில் போக வேண்டும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். என் முதுநிலை ஆய்வில் நானும் அப்படித்தான் செய்தேன். அதன் இழப்பைப் பல ஆண்டுகள் கழித்துப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டபோதுதான் உணர்ந்தேன். ‘ஒரு மாதிரி இருக்கும்’ என்று ஒருவர் சொன்னதை ‘வினோதமாக உணர்கிறேன்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாக மாற்றியிருந்தேன். அவர் சொன்னது வினோதத்தை அல்ல, கூச்சத்தை. மொழிபெயர்ப்பில் அந்தக் கூச்சம் மறைந்துவிட்டது, கூடவே ஒரு கருப்பொருளும் மறைந்துவிட்டது. எனவே பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயரை இடும் குறியிடுதலைத் தமிழ் எழுத்துப்படியின் மேல் தமிழிலேயே செய்ய வேண்டும். ஆய்வேட்டில் சேர்க்கப்போகும் மேற்கோள்களையும் கருப்பொருள்களின் பெயர்களையும் மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

எழுத்துப்படியை இருமுறை முழுவதுமாகப் படிக்க வேண்டும். ஒருமுறையாவது ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் குறியீடு எதுவும் இடத் தேவையில்லை. ஒவ்வொரு பேட்டிக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதினால் போதும்: எது வியப்பைத் தந்தது, எது மற்றவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை, நான் கேள்வி கேட்ட விதத்தில் எங்கே பிழை என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தவிர்க்கக் கூடாது. ‘தண்ணி கம்மியா குடிக்கணும்னு தெரியும்தானே?’ என்று கேட்டுவிட்டு, ‘தெரியும் சிஸ்டர்’ என்ற பதிலை அவருடைய அறிவுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அந்த வரியின் ஓரத்தில் ‘தூண்டிய கேள்வி’ என்று எழுதிவிட்டு நகர வேண்டும்.

இரண்டாம் கட்டம்: குறியிடுதல்

இப்போது ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். ப4, ஐம்பது வயதைத் தாண்டிய ஆண். வரிகள் 112 முதல் 118 வரை:

‘ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரம்மா அதுக்குன்னு தனியா ஒரு சொம்பு வெச்சிருக்கா. அது தீர்ந்தா அன்னிக்கு அவ்வளவுதான். மருமக முன்னாடி கேட்டு வாங்கிக் குடிக்க ஒரு மாதிரி இருக்கும். எல்லாரும் தூங்கினப்புறம் எந்திரிச்சுப் போய் ஒரு வாய் குடிச்சிட்டு வந்து படுத்துக்குவேன். மறுநாள் எடை போடும்போது சிஸ்டர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.’

முதல்முறை குறியிடுபவர் இந்தப் பகுதிக்கு ‘தண்ணீர்க் கட்டுப்பாடு’, ‘குடும்பம்’, ‘இரவு’ என்று எழுதுவார். இவை குறியீடுகள் அல்ல, தலைப்புகள். இவற்றை மட்டும் வாசிப்பவருக்கு ப4 என்ன சொன்னார் என்பது தெரியாது. ஒரு குறியீட்டைச் சோதிக்க எளிய வழி, எழுத்துப்படியை மூடி வைத்துவிட்டுக் குறியீட்டை மட்டும் படிப்பது. பேசியவர் என்ன செய்தார், என்ன உணர்ந்தார் என்பது அதிலிருந்தே தெரிந்தால் அது குறியீடு. அதே பகுதிக்கு நான் இடும் குறியீடுகள் இவை: ‘அளவை மனைவி சொம்பில் காத்துவருவது’, ‘மருமகள் முன் கேட்டுக் குடிக்கக் கூசுவது’, ‘வீடு உறங்கியபின் ஒளித்துக் குடிப்பது’, ‘எடை காட்டிக்கொடுக்கும் என்பதால் செவிலியரின் முகத்தைத் தவிர்ப்பது’.

இவற்றில் முதல் மூன்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னதை ஒட்டியவை. நான்காவது சற்று ஆழத்துக்குப் போகிறது. எடை காட்டிக்கொடுக்கும் என்று அவர் வாயால் சொல்லவில்லை, வரிகளின் வரிசையிலிருந்து நான் புரிந்துகொண்டேன். இரண்டு வகைக் குறியீடுகளும் ஏற்புடையவையே. ஆனால் எது அவர் சொன்னது, எது என் புரிதல் என்பது குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும்.

இதற்குத் தனி மென்பொருள் கட்டாயமில்லை. எக்செல் தாளில் பங்கேற்பாளர் எண், வரி எண், மேற்கோள், குறியீடு, என் குறிப்பு என ஐந்து பத்திகள் வைத்தால், பத்துப் பேட்டிகளுக்கு வடிகட்டியும் வரிசைப்படுத்தியும் வேலை செய்துவிடலாம். ஒரே வரிக்கு இரண்டு குறியீடுகள் இருந்தால் அந்த வரியை இரண்டு முறை எழுத வேண்டும். ஆய்வுக் கேள்விக்குத் தொடர்பில்லாத பேச்சுக்குக் குறியீடு தேவையில்லை. டயாலிசிஸுக்கு வரும் பேருந்து தாமதமானதைப் பற்றி அவர் பத்து வரி பேசியிருந்தாலும் அதை விட்டுவிடலாம். நான்கைந்து பேட்டிகள் முடிந்தபின் முதல் பேட்டிக்குத் திரும்பி மறுபடியும் குறியிட வேண்டும். முதல் நாள் கண்ணுக்குப் படாதது அப்போது படும். ப1 சொன்ன ‘ரசம் தண்ணியில சேருமா சேராதான்னு வீட்ல தினம் ஒரு பஞ்சாயத்து’ என்ற வரியை முதல் வாசிப்பில் ‘உணவு பற்றிய ஐயம்’ என்று குறித்திருந்தேன் என்று கொள்வோம். ப4-இன் சொம்பைப் படித்தபின் அதே வரி ‘எது தண்ணீர் என்பதை வீடு சேர்ந்து தீர்மானிப்பது’ என்று மாறுகிறது. இப்படி மாற்றுவதைக் குற்றமாக எண்ண வேண்டாம். மாற்றிய தேதியையும் காரணத்தையும் குறித்து வைத்தால் போதும்.

மூன்றாம் கட்டம்: கருப்பொருளை உருவாக்குதல்

பத்துப் பேட்டிகளிலிருந்து நூறுக்கு மேல் குறியீடுகள் சேர்ந்திருக்கும். இங்கேதான் நான் பார்த்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் வழி தவறுகின்றன. குறியீடுகள் ‘உடல்சார் சிக்கல்கள்’, ‘மனம்சார் சிக்கல்கள்’, ‘சமூகம்சார் சிக்கல்கள்’, ‘ஆன்மிகம்’ என்று நான்கு பெட்டிகளில் போடப்படுகின்றன. இந்தப் பெட்டிகள் பேட்டி எடுப்பதற்கு முன்பே பாடநூலில் இருந்தவை. புற்றுநோய் ஆய்வானாலும் பக்கவாத ஆய்வானாலும் இதே நான்கும் வந்து நிற்கும். எந்த நோய்க்கும் பொருந்தும் ஒரு பெயர், நம் பத்துப் பேரைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லியிருக்காது.

பெட்டிக்கும் கருப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: பெட்டி எதைப் பற்றிப் பேசினார்கள் என்று சொல்கிறது, கருப்பொருள் அதைப் பற்றி என்ன தெரிய வருகிறது என்று சொல்கிறது. ‘குடும்ப ஆதரவு’ என்ற பெட்டிக்குள், மனைவி சொம்பில் அளந்து வைப்பதும் மருமகள் முன் கூசுவதும் மகன் புட்டியை எடுத்து ஒளித்து வைப்பதும் ஒன்றாகக் கிடக்கும். அவற்றை இணைக்கும் கருத்து எது என்று கேட்டால் பதில் இருக்காது. கருப்பொருளுக்கு நடுவில் ஒரே ஒரு கருத்து இருக்க வேண்டும்; அதன் கீழே வரும் குறியீடுகள் எல்லாம் அந்தக் கருத்தின் வெவ்வேறு முகங்களாக இருக்க வேண்டும்.

இதைச் செய்ய நான் பரிந்துரைக்கும் வழி பழையதுதான். குறியீடுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மேசையில் பரப்ப வேண்டும். பொருள் அடிப்படையில் சேர்க்காமல், ‘இந்த இரண்டிலும் நடப்பது ஒன்றுதானா’ என்று கேட்டுச் சேர்க்க வேண்டும். ப4-இன் ‘ஒளித்துக் குடிப்பது’ ஒரு சீட்டு. ப6 ஒரு பெண். அவர் சொன்னது: ‘எல்லாருக்கும் காபி கலக்கிறது நான்தான். கலக்கிக் கொடுத்துட்டு எனக்கு அரை டம்ளர் ஊத்திக்குவேன். சில நாள் அதுவும் இல்லை, நின்னுக்கிட்டே வாசத்தைப் பிடிச்சுட்டு வந்துடுவேன்.’ இதன் குறியீடு ‘தனக்கு மறுத்ததைப் பிறருக்குப் பரிமாறுவது’. ப9 சொன்னது: ‘மூணரை கிலோ ஏறியிருக்குன்னு சிஸ்டர் சத்தமா சொல்லுவாங்க. பக்கத்து கட்டில்காரர் திரும்பிப் பார்ப்பாரு.’

ப4, ப9 இருவரிடத்திலும் தாகத்தைப் பார்க்க ஒருவர் இருக்கிறார். வீட்டில் சொம்பும் பிரிவில் எடை எந்திரமும் ஒரே வேலையைச் செய்கின்றன. இதைக் கொண்டு ‘பிறர் கண்ணில் படும் தாகம்’ என்ற கருப்பொருளைத் தற்காலிகமாக அமைக்கலாம். ப6 இதில் அடங்கவில்லை. அவரை யாரும் காவல் காக்கவில்லை. அடுப்படியே அவர் கையில் இருக்கிறது. அவருடைய சீட்டு வேறொரு குவியலுக்கு முதல் கல்லாகிறது. பெண் பங்கேற்பாளர்களின் எழுத்துப்படிகளை அந்த நோக்கில் மீண்டும் படித்தால், ‘ஊற்றிக் கொடுக்கும் கையின் கட்டுப்பாடு’ என்று இன்னொரு கருப்பொருள் அமையக்கூடும்.

ஆய்வேட்டில் ‘கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்று எழுதாதீர்கள். எழுத்துப்படிக்குள் புதைந்திருந்து தாமாக மேலே வந்தவை அல்ல அவை. நீங்கள் உட்கார்ந்து உருவாக்கியவை. ‘உருவாக்கினேன்’ என்று எழுதினால்தான் எப்படி உருவாக்கினீர்கள் என்று விளக்கும் பொறுப்பும் உங்களுக்கு வரும்.

நான்காம் கட்டம்: கருப்பொருளைச் சோதித்தல்

இதை இரண்டு முறை செய்ய வேண்டும். முதலில், கருப்பொருளின் கீழ் வந்த மேற்கோள்களை மட்டும் வரிசையாகப் படித்து, எல்லாம் ஒரே கருத்தைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு பத்து எழுத்துப்படிகளையும் முதலிலிருந்து படித்து, கருப்பொருளை மறுக்கும் இடங்களைத் தேட வேண்டும். இரண்டாவதைப் பலர் செய்வதில்லை.

நம் ஆய்வில் ப7 தனியாக வாழ்பவர். அவர் சொல்வது: ‘காலைல ஒரு பாட்டில்ல பிடிச்சு வெச்சிடுவேன். கோடு போட்டிருக்கேன். மத்தியானத்துக்கு இந்தக் கோடு, ராத்திரிக்கு இந்தக் கோடு. தாகம் எடுக்கும், என்ன பண்றது, பழகிடுச்சு.’ கூச்சமும் இல்லை, ஒளிவும் இல்லை. ‘பிறர் கண்ணில் படும் தாகம்’ என்பதோடு இவர் ஒத்துப்போகவில்லை. இந்த இடத்தில் ப7-ஐ அறிக்கையிலிருந்து விட்டுவிடலாம் என்ற சபலம் வரும். விடக் கூடாது. ஏனெனில் கருப்பொருளைத் துல்லியமாக்குபவர் அவர்தான். அவரிடமும் தாகம் உண்டு, அளவும் உண்டு. அளவு அவர் கையிலேயே இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. ஆக, தாகம் கூச்சமாவதற்குக் கட்டுப்பாடு மட்டும் காரணமல்ல. அளவுகோல் இன்னொருவர் கையில் இருக்கும்போதுதான் அது கூச்சமாகிறது. கருப்பொருளின் பெயரும் மாறுகிறது: ‘அளவு பிறர் கையில் இருக்கும்போது தாகம் குற்றமாகிறது.’ ஒத்துப்போகாத ஒருவர் இல்லாமல் இந்த வாக்கியம் கிடைத்திருக்காது.

இந்தக் கட்டத்திலேயே ஆய்வு நெறியாளரிடமிருந்து ஒரு கேள்வி வருவது வழக்கம்: ‘இரண்டாவது ஆளை வைத்துக் குறியிட்டு கப்பா கணக்குப் போட்டாயா?’ இருவர் இட்ட குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை எண்ணாகச் சொல்வது கப்பா. ரிஃப்ளெக்ஸிவ் முறையில் அந்தக் கணக்குக்கு இடமில்லை, ஏனென்றால் இருவரும் ஒரே குறியீட்டை இட வேண்டும் என்பது இந்த முறையின் நோக்கம் அல்ல. முன்கூட்டியே குறியீட்டு ஏடு வகுத்து, அதன்படி இருவர் குறியிடும் வேறு வகைக் கருப்பொருள் பகுப்பாய்வு இருக்கிறது. அதில் ஒப்புமைக் கணக்கு பொருந்தும். தொடக்கத்தில் வகையை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டையும் கலந்து, ரிஃப்ளெக்ஸிவ் என்று பெயர் சொல்லிக் கப்பா எண்ணையும் கொடுத்தால், விவரம் அறிந்த தேர்வாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார். இன்னொருவர் நம் எழுத்துப்படியைப் படிப்பதில் பயன் உண்டு. நாம் பார்க்கத் தவறிய பொருளை அவர் காட்டுவார். அவரோடு பேசியதைக் குறிப்பாகப் பதிவு செய்தால் போதும்.

செவிலியரே ஆய்வாளராக இருப்பதன் தாக்கத்தையும் இங்கே எடை போட வேண்டும். அதே பிரிவில் சீருடையோடு பார்த்த ஒருவரிடம் நோயாளி பேசுகிறார். ‘நான் சரியாத்தான் குடிக்கிறேன் சிஸ்டர்’ என்று ப2 பேட்டியின் முதல் ஐந்து நிமிடங்களில் மூன்று முறை சொன்னால், அது அவருடைய நடத்தை பற்றிய தகவலாக இருப்பதைவிட, அளவுகோல் வைத்திருக்கும் ஒருவர் முன் அவர் நிற்கும் நிலையின் தகவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் கருப்பொருளே பேட்டி அறைக்குள் நடந்திருக்கிறது. இதை மறைக்காமல் முறையியல் அத்தியாயத்தில் எழுத வேண்டும்.

ஐந்தாம் கட்டம்: வரையறையும் பெயரும்

ஒவ்வொரு கருப்பொருளுக்கும் நூறு சொற்களில் ஒரு வரையறை எழுத வேண்டும்: நடுக்கருத்து என்ன, எது அதில் அடங்கும், எது அடங்காது. எழுத முடியவில்லை என்றால் கருப்பொருள் இன்னும் அமையவில்லை என்று பொருள். முதுநிலை ஆய்வுக்கு மூன்று அல்லது நான்கு கருப்பொருள்கள் போதும். ஏழும் எட்டும் இருந்தால் அவற்றில் சில குறியீடுகளே, பெரிய எழுத்தில் நிற்கின்றன.

ஆறாம் கட்டம்: எழுதுதல்

மேற்கோளை வைத்துவிட்டு அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது பகுப்பாய்வு ஆகாது. ‘ப4 இரவில் தண்ணீர் குடிப்பதாகக் கூறினார்’ என்பதை மேற்கோளே சொல்லிவிட்டது. அந்தச் செயலுக்கு ஏன் வீடு உறங்க வேண்டியிருந்தது, மறுநாள் எடை எந்திரத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்பதை நாம் எழுத வேண்டும். ‘பத்தில் ஆறு பேர், அதாவது 60 சதவீதம்’ என்றும் எழுத வேண்டாம்; எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்காத ஆய்வில், சொல்லாதவருக்கு அந்த அனுபவம் இல்லை என்று ஆகிவிடாது.

மேற்கோள்களை ஆங்கிலத்தில் கொடுக்கும்போது மூலத் தமிழைப் பின்னிணைப்பில் வைக்கலாம். இரு மொழியும் அறிந்த ஒருவரிடம் மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்து, அதை அவர் தமிழில் திருப்பிச் சொல்லும்படி கேட்டால், எது தொலைந்தது என்று உடனே தெரியும். ‘ஒரு மாதிரி இருக்கும்’ என்பது கூச்சமாகத் திரும்பி வரவில்லை என்றால் சொல்லை மாற்ற வேண்டும். ஆய்வு முறையைத் தெரிவிப்பதற்கு, பேட்டி வழி ஆய்வுகளின் அறிக்கைக்கென 2007-இல் வெளியான கோரெக் என்ற சரிபார்ப்புப் பட்டியலின் 32 கேள்விகளை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் தரவு நிறைவு, பங்கேற்பாளர் சரிபார்ப்பு போன்ற சில கேள்விகள் ரிஃப்ளெக்ஸிவ் முறைக்கு நேராகப் பொருந்தா. அந்த இடங்களில் செய்யாததைச் செய்ததாக எழுதாமல், ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும்.

பரிந்துரைகளும் கருப்பொருளிலிருந்தே வர வேண்டும். ‘நோயாளிகளுக்கு விழிப்புணர்வு தேவை’ என்று எழுதினால் இத்தனை உழைப்பும் வீண். ப4-க்கு எவ்வளவு குடிக்கலாம் என்பது நன்றாகவே தெரியும். அளவு பிறர் கையில் இருக்கும்போது தாகம் குற்றமாகிறது என்பது நம் கண்டறிதல் என்றால், பரிந்துரை இப்படித்தான் அமையும்: கோடு போட்ட புட்டியை நோயாளியின் கையிலேயே கொடுத்து அளக்கப் பழக்குவது, குடும்பத்தாருக்குக் கற்பிக்கும்போது நோயாளியையும் அருகில் அமர்த்துவது, டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் எடையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டுவது.